அமிலம் ஊற்றினால் pH ஏறுமா?

இந்த வாரம் மட்டும் இது நான்காவது விடைத்தாள். தாங்கல் கரைசலில் அமிலம் சேர்க்கிறார்கள், pH 4.76-இலிருந்து 4.85-க்கு ஏறிவிட்டது என்று எழுதுகிறார்கள், அதன் அடியில் இரட்டைக் கோடும் போடுகிறார்கள். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை, மடக்கை மதிப்பும் சரி. ஆனால் அமிலம் ஊற்றிய கரைசலின் pH எப்படி ஏறும் என்று கோடு போடும் முன் ஒரு நொடி யோசித்திருக்கலாமே!

கையேட்டில் இருப்பது எளிய கணக்குதான். ஒரு லிட்டர் கரைசலில் அசிட்டிக் அமிலம் 0.10 மோல், சோடியம் அசிட்டேட் 0.10 மோல் இருக்கின்றன. pKa 4.76. இதில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 10 மில்லிலிட்டர் சேர்க்கிறோம். புதிய pH என்ன? சமன்பாட்டையும் கையேடே கொடுத்துவிடுகிறது:

pH = pKa + log([A⁻]/[HA])

மேலே அசிட்டேட், கீழே அசிட்டிக் அமிலம். தொடக்கத்தில் இரண்டும் சமம், log 1 பூஜ்யம், ஆகவே pH 4.76. இதுவரை யாரும் தவறுவதில்லை.

அடுத்த வரியில்தான் எல்லாம் குலைகிறது. சமன்பாட்டைப் பார்த்ததும் எண்களை உள்ளே போடக் கை பரபரக்கிறது. நீங்கள் அமிலம் ஊற்றியது சமன்பாட்டுக்குத் தெரியாது. வினை முடிந்த பின் என்ன மிஞ்சியது என்பதை நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். ஊற்றிய அமிலம் 0.01 மோல். அது அசிட்டேட்டைத் தின்று அசிட்டிக் அமிலமாக்கும். அசிட்டேட் 0.10-இலிருந்து 0.09-ஆகக் குறையும், அசிட்டிக் அமிலம் 0.11-ஆகக் கூடும். இதை எழுதிய பிறகுதான் மடக்கைக்குப் போக வேண்டும். 0.09-ஐ 0.11-ஆல் வகுத்தால் 0.818, அதன் மடக்கை −0.09. ஆகவே pH 4.67. வகுத்தலைத் தலைகீழாகப் போட்டவருக்குத்தான் 4.85 வருகிறது.

கன அளவு 1010 மில்லிலிட்டர் ஆகிவிட்டதே என்று சிலர் தடுமாறுகிறார்கள். மேலும் கீழும் ஒரே கன அளவுதான், அது அடிபட்டுப் போகும். மோல்களையே வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை அதிகம் சோதிப்பது இதுவும் அல்ல. “தாங்கல் கரைசல் என்றால் pH மாறாது” என்ற நம்பிக்கைதான். மாறும். குறைவாக மாறும், அவ்வளவுதான். அதுவும் கரைசலில் சரக்கு இருக்கும் வரைதான். pH விகிதத்தைப் பொறுத்தது; தாங்கும் திறனோ மொத்தத்தில் எத்தனை மோல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் ஆய்வகத்திலும் இருக்கிறார்கள். ஒருமுறை என்னுடன் வேலை செய்தவர், கரைசல் தீர்ந்துபோகும் போலிருக்கிறதே என்று மிச்சமிருந்ததில் தண்ணீர் ஊற்றிப் பத்து மடங்கு நீர்க்கச் செய்துவிட்டார். மீட்டர் ஏறக்குறைய பழைய எண்ணையே காட்டியது, அவரும் நிம்மதியாகிவிட்டார். அமில மாதிரி உள்ளே போனதும் எண் சரசரவென்று இறங்கி 3.2 அருகில் நின்றது. அன்றைய சோதனை முழுவதும் வீண்.

கையேட்டுக் கணக்கில் உள்ள கரைசலையே அப்படி நீர்க்கச் செய்து பாருங்கள். ஒரு லிட்டரில் இரண்டும் 0.01 மோல் வீதம். தொடக்க pH கணக்கில் அதே 4.76. அதே 10 மில்லிலிட்டர் அமிலத்தை ஊற்றினால் அசிட்டேட் ஒரு துளி மிச்சமில்லாமல் தீர்ந்துவிடும். சமன்பாட்டில் போட்டால் log 0 வரும், கால்குலேட்டர் பிழை என்று சொல்லும். அது கால்குலேட்டரின் கோளாறு அல்ல. இனி அது தாங்கல் கரைசலே அல்ல. மிஞ்சியிருப்பது 0.02 மோலார் அசிட்டிக் அமிலம், அதன் pH 3.23. கணக்கைப் போட்டுப் பார்த்தால் அன்று மீட்டர் ஏன் அங்கே போய் நின்றது என்பது புரியும்.

இன்னொன்று. இரண்டும் 0.10 மோலார் உள்ள கரைசலை நிஜமாகத் தயாரித்து அளந்தால் மீட்டர் 4.65 அருகில்தான் காட்டும். கரைசலில் உள்ள அயனிகள் ஒன்றையொன்று பாதிப்பதால் வரும் வித்தியாசம் அது. தயாரிப்பில் பிழை என்று பதறி மாற்றிமாற்றி அமிலமும் காரமும் ஊற்றாதீர்கள்.

தயவுசெய்து இவ்வளவு செய்யுங்கள். மடக்கை எழுதும் முன் மோல் கணக்கை எழுதுங்கள். விடை வந்ததும் அது எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள்: அமிலம் என்றால் இறக்கம், காரம் என்றால் ஏற்றம். சேர்க்கப்போகும் அமிலம் அசிட்டேட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுமானால், தொடக்கத்திலேயே செறிவு கூடிய கரைசலைத் தயாரியுங்கள். புட்டியின் மேல் pH-ஐ மட்டும் எழுதி ஒட்டாதீர்கள், செறிவையும் எழுதுங்கள். அடுத்து அதை எடுப்பவருக்கு எவ்வளவு அமிலம் ஊற்றலாம் என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும்.