இரட்டைப்புலவர் அழவில்லை

ஒரு கவிதையில் பார்வையற்றவரோ நடக்க முடியாதவரோ வந்துவிட்டால் போதும், உயர்தர வகுப்பு மாணவர்களின் பேனா தானாகவே "அவலச் சுவை" என்று எழுதிவிடுகிறது. களுவாஞ்சிக்குடியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இந்த விடை பழகிப்போன ஒன்று. இதை அசைத்துப் பார்க்க நான் கையில் எடுப்பது இரட்டைப்புலவர்களின் வெண்பா.

அவர்களில் ஒருவருக்குப் பார்வை இல்லை. மற்றவரால் நடக்க முடியாது. நடக்க முடியாதவர் மற்றவரின் தோளில் அமர்ந்து வழி சொல்ல, இருவரும் ஊர் ஊராகச் சென்று பாடினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஒருநாள் மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் பார்வையற்றவர் துவைத்துக்கொண்டிருந்த துணி நழுவிப் போய்விடுகிறது. மற்றவர் அதைப் பார்த்துவிட்டுத் தொடங்குகிறார், துவைத்தவர் முடிக்கிறார்.

அப்பிலே தோய்த்திட்டு அடுத்தடுத்து நாமதனைத்
தப்பினால் நம்மையது தப்பாதோ – செப்பக்கேள்
இக்கலிங்கம் போனாலென் ஏகலிங்க மாமதுரைச்
சொக்கலிங்கம் உண்டே துணை.

வகுப்பில் நான் கதையைச் சொல்வதில்லை. நான்கு அடிகளை மட்டும் கரும்பலகையில் எழுதி, அப்பு என்றால் நீர், கலிங்கம் என்றால் துணி என்று சொல்லிவிட்டு, "யார் யாரோடு பேசுகிறார்? எந்தத் தொனியில்?" என்று கேட்பேன். தப்புதல் என்பது துணியை அடித்துத் துவைப்பது; கைநழுவி ஓடுவதும் அதுதான். நாம் அதைப் போட்டு அடி அடியென்று அடித்தால் அது நம்மை விட்டுத் தப்பாதா என்கிறார் முதலாமவர். ஓடிப்போன துணிக்காக வழக்காடுகிறார்! அடித்தவர் ஒருவர்தான், ஆனாலும் "நாம்", "நம்மை" என்று பழியில் தமக்கும் பங்கு வைத்துக்கொள்கிறார். இரண்டாமவரும் சளைத்தவரல்லர். போன கலிங்கத்தை மதுரைச் சிவனின் சொக்கலிங்கம் என்ற பெயருக்குள்ளிருந்தே எடுத்துக் காட்டிவிடுகிறார். கதை தெரியாமல் படித்தால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதன் பிறகு கதையைச் சொன்னால் வகுப்பு சட்டென்று அடங்கி, "பாவம், சேர்" என்கிறது. பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வெண்பாவில் கண்ணும் இல்லை, காலும் இல்லை. தொலைந்தது துணி மட்டுமே.

பாவம் எங்கிருந்து வந்தது என்பதற்கு, உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலே உதவுகிறது. அழுகைக்கு நிலைக்களனாக அது சொல்பவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. துணி போனது இழவு, மாற்றுத்துணிக்கு வழியில்லாதது வறுமை என்று மாணவர் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் உரையாசிரியர் பேராசிரியர், தானே அவலிப்பதையும் பிறர் அவலம் கண்டு அவலிப்பதையும் பிரித்துக் காட்டுகிறார். வகுப்பில் எழுந்த இரக்கம் இரண்டாவது வகை. அது படிப்பவருடையது. அதைத் தூக்கிப் பாடியவரின் வாயில் வைப்பதுதான் பிழை. பாடியவர்களுக்கு உரியது நகை என்னும் சிரிப்பு.

"அப்படியானால் 'துணை' என்று ஏன் கடவுளைக் கூப்பிட வேண்டும்? கையறு நிலைதானே?" என்று கெட்டிக்கார மாணவர் கேட்பார். நல்ல கேள்வி. ஆனால் அதே அடியை இரண்டு கண்ணும் இரண்டு காலும் உள்ள ஒரு சிவபக்தர் பாடியிருந்தால் அதைப் பக்தி என்றுதான் எழுதுவோம். இவர் பாடினால் மட்டும் அது ஏன் கையறு நிலையாகிறது? மறுபக்கச் சறுக்கலும் உண்டு: "ஊனத்தை வென்ற தன்னம்பிக்கை" என்று எழுதுவது. இவர்கள் எதையும் வெல்ல வரவில்லை, துணி துவைக்க வந்தவர்கள்.

எல்லாக் கவிதையும் இப்படிச் சிரிக்காது. கோபமாகப் பேசும் குரலும் உண்டு, உண்மையாகவே அழும் குரலும் உண்டு. அழுதால் அழுகை என்றுதான் எழுத வேண்டும். எனக்குச் சிக்கல் தருவது டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்காக மாணவர் எழுதும் "நான்" கவிதைகள். நன்றாக ஓடித் திரியும் பிள்ளை "கால் இழந்தேன், கனவிழந்தேன்" என்று எழுதும். அங்கே பேசுவது வெளியே நின்று பார்க்கும் கண். அடையாளம் கண்டுபிடிப்பது எளிது: இருள், கண்ணீர், விதி எல்லாம் இருக்கும், ஒரு பொருள்கூட இருக்காது. ஊன்றுகோல் வைத்திருப்பவருக்கு நம் கடற்கரை மணலில் அதன் முனை புதைவது தெரியும். செயற்கைக் கால் போட்டிருப்பவருக்கு வெயிலில் வியர்த்து உறைக்குள் தோல் உரசுவது தெரியும்.

கடந்த முறை ஒரு மாணவியிடம் அந்த "நான்" யார் என்று கேட்டேன். தன் மாமாவிடம் போய்ப் பேசிவிட்டுத் திருத்தி எழுதி வந்தாள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னவரிடம், "ஒன்றைக் கழற்றுகிறேன், மற்றதைக் காலோடு கழற்றட்டுமா?" என்று மாமா கேட்கிறார். அடுத்த வரியில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் பிடிக்க ஒரு கம்பி வைக்காதவர்களை ஏசுகிறார். அவ்வளவுதான் கவிதை. போட்டியில் அதற்குப் பரிசு கிடைக்கவில்லை. நடுவர்களுக்குச் சோகம் போதவில்லையாம்.