மாத்திரைப் பட்டியலைப் பிரித்து எழுதும்போது அட்டையில் இருப்பதை மாற்றாதீர்கள்

வயதானவர்களை மருத்துவமனைக்கு அழைத்து வரும் பிள்ளைகளில் பலர் இப்போது மாத்திரைப் பட்டியல் ஒன்றைக் கையோடு கொண்டுவருகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் அதில் பெரும்பாலும் 'பிரஷர் மாத்திரை – காலை 1, சுகர் மாத்திரை – சாப்பிடுவதற்கு முன் 1, கால் வலி – வெள்ளை மாத்திரை 2' என்றுதான் இருக்கும். வீட்டில் எடுத்துக் கொடுக்க அது போதும். மருந்தாளுநராக நான் அதை வைத்துக்கொண்டு எதையும் சரிபார்க்க முடியாது. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், சாதாரண மாத்திரையா, மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். மாத்திரையா என்பதெல்லாம் எழுதும்போதே கழன்றுபோயிருக்கும்.

இன்னொரு வகையினர், அட்டையில் இருப்பதை அப்படியே பார்த்து வரிசையில்லாமல் எழுதிக் கொண்டுவருவார்கள். எனக்கு இந்தப் பட்டியல்தான் வேண்டும். இதில் ஒரே குறை, பதினான்கு வரிகள் கலந்துகட்டி இருந்தால் எது எதோடு இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தலைப்பு போட்டுப் பிரிக்க வேண்டும், அதே சமயம் வரியில் ஒரு எழுத்தும் மாறக் கூடாது. தலைப்பு நம்முடையது, வரி அட்டையுடையது என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

முதலில் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் மேசையில் கொட்டுங்கள். கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், இன்சுலின், தடவும் களிம்பு, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணம், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கும் பாட்டில் எல்லாம் சேர்த்துத்தான். பிரிக்க ஆரம்பிக்காமல், கைக்கு வந்த வரிசையிலேயே 1, 2, 3 என்று எண் போட்டு எழுதுங்கள். மருந்தின் பெயர், கலவையாக இருந்தால் அதிலுள்ள ஒவ்வொரு மருந்தும் அளவும், எஸ்.ஆர்., ஈ.ஆர். போன்ற பின்னொட்டு, சீட்டில் மருத்துவர் எழுதிய வேளை ஆகிய நான்கும் ஒவ்வொரு வரியிலும் வேண்டும். கம்பெனிப் பெயரையும் எழுதலாம், ஆனால் அதை மட்டும் எழுதாதீர்கள். ஒரே கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து வேறு கலவையை விற்பது இங்கே சர்வ சாதாரணம்.

அந்த எண்தான் இந்த வேலைக்கு அச்சாணி. வரி எந்தத் தலைப்புக்குப் போனாலும் பழைய எண் கூடவே போக வேண்டும். தலைப்புக்குத் தலைப்பு மறுபடி 1, 2 என்று ஆரம்பித்தால், ஒரு மாத்திரை விட்டுப்போனதா, இரண்டு இடத்தில் ஏறிவிட்டதா என்பதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பிரித்து முடித்ததும் 1 முதல் 14 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தால் போதும்.

சரி, ஒரு பையைப் பிரித்துப் பார்ப்போம். எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. சர்க்கரை, ரத்த அழுத்தம், முடக்குவாதம் மூன்றும் உண்டு. இரண்டு கணுக்காலும் வீங்கியிருக்கின்றன என்று வந்தார். இதய மருத்துவர், மூட்டு மருத்துவர், தெருமுனை கிளினிக் என்று மூன்று இடத்துச் சீட்டுகள், மஞ்சப்பையில் பதினான்கு மருந்துகள். மகள் பொறுமையாக அட்டை பார்த்து எழுதியிருந்தார். அதில் 4, 9, 12 ஆகிய எண்கள் பக்கத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன. 'ரத்த அழுத்தம், நீர்' என்று ஒரு தலைப்பு போட்டு அவற்றைக் கீழே கொண்டுவந்தபோது இப்படி இருந்தது:

4. டெல்மிசார்டன் 40 மி.கி. + அம்லோடிபின் 5 மி.கி. – காலை 1
9. அம்லோடிபின் 5 மி.கி. – இரவு 1
12. ஃபியூரோசமைடு 40 மி.கி. – காலை 1

அம்லோடிபின் இரண்டு வரியில் இருக்கிறது. முதலில் அது தனி மாத்திரையாகத் தரப்பட்டது. பிறகு இதய மருத்துவர் அதையே டெல்மிசார்டனோடு சேர்ந்த கலவையாக மாற்றினார். பழைய சீட்டு கடைக்காரரிடம் இருந்ததால் தனி மாத்திரையும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. அம்லோடிபினுக்குக் கணுக்கால் வீக்கம் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு, அளவு கூடக்கூட அதிகமாகும். அந்த வீக்கத்துக்காகத்தான் கிளினிக்கில் 12-ஆம் எண் நீர் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு மருந்தின் விளைவை நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து ஏறிவிட்டது. மகள் 4-ஐயும் 9-ஐயும் 'பிரஷர் மாத்திரை' என்று சுருக்கியிருந்தால், காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று வெகு இயல்பாகத் தெரிந்திருக்கும். எனக்கும் சந்தேகம் வந்திருக்காது.

இதே பட்டியலில் மெட்ஃபார்மினும் இரண்டு வரியில் இருந்தது. தனியாக 500 மி.கி. ஒன்று, கிளிமெபிரைடோடு கலந்து இன்னொன்று. விசாரித்தால், கலவையிலுள்ள அளவு போதவில்லை என்று மருத்துவரே தெரிந்து சேர்த்தது. அதனால் இரட்டிப்பாகத் தெரிவதையெல்லாம் தப்பு என்று முடிவுகட்டி நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பட்டியல் கேள்வியைத்தான் தரும். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக் கொண்டுபோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

தலைப்பு எப்படி வைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எந்த மருத்துவர் கொடுத்தார் என்று பிரித்தால் இரட்டிப்பு தெரியாது, ஏனென்றால் இரட்டிப்பே இரண்டு மருத்துவருக்கு நடுவில்தான் நடக்கிறது. காலை, மதியம், இரவு என்று பிரித்தால் மாத்திரை டப்பாவை நிரப்ப உதவும், சரிபார்க்க உதவாது. எதற்காகச் சாப்பிடுகிறோம் என்று பிரிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஐந்தாறு தலைப்புகள் போதும்.

அதிலும் காரணத்தைச் சீட்டிலிருந்தோ மருத்துவரிடமிருந்தோ எடுக்க வேண்டும். இணையத்தில் தேடி எடுக்கக் கூடாது. அந்த அம்மாவின் பட்டியலில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இருந்தது. தேடிப் பார்த்த மகன் அதை 'மனச்சோர்வு' என்ற தலைப்பில் போட்டுவிட்டார், அம்மாவுக்கு ஏகக் கோபம். சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்கும் குறைந்த அளவில் அதைத் தருவது வழக்கம். ஆஸ்பிரின் 75 மி.கி.யை வலி மாத்திரை என்று போடுவதும் அப்படித்தான், அந்த அளவில் அது ரத்தம் உறையாமல் இருக்கத் தருவது. காரணம் தெரியாவிட்டால் 'எதற்கென்று தெரியவில்லை' என்றே ஒரு தலைப்பு வைத்து அங்கே போடுங்கள். மருத்துவர் முதலில் பார்க்க வேண்டிய தலைப்பும் அதுதான்.

ஆஸ்பிரினும் அட்டோர்வாஸ்டாட்டினும் சேர்ந்த காப்ஸ்யூல் போல ஒன்று இரண்டு தலைப்புக்கும் பொருந்தினால் முழு வரியையும் இரண்டு இடத்தில் எழுதாதீர்கள். இரண்டு காப்ஸ்யூல் என்று யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஓரிடத்தில் முழுதாக எழுதிவிட்டு மற்றதில் அதன் எண்ணைச் சொல்லி '6-ஐயும் பார்க்க' என்பதுபோல மட்டும் போட்டால் போதும்.

வரியை மாற்றாதீர்கள் என்று நான் அடம்பிடிப்பதற்கு மெதோட்ரெக்ஸேட் ஒன்று போதும். முடக்குவாதத்துக்கு அதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். அந்த அம்மாவின் சீட்டில் '7.5 மி.கி., ஞாயிறு மட்டும்' என்று இருந்தது. 'மூட்டு' என்ற தலைப்பின் கீழ் மற்ற வரியெல்லாம் 'காலை 1, இரவு 1' என்று இருக்கும்போது, எழுதுகிறவர் கை தானாகவே இதையும் 'காலை 1' என்று ஒழுங்குபடுத்திவிடும். தினமும் சாப்பிட்டால் வாய் முழுக்கப் புண், ரத்த அணுக்கள் சரிவு என்று போய் உயிருக்கே ஆபத்தாக முடியும். உலகம் முழுக்க மருந்தாளுநர்கள் பயப்படும் பிழை இது. வரிகள் ஒரே அச்சில் அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை. 'ஞாயிறு மட்டும்' ஞாயிறு மட்டும் என்றே இருக்கட்டும்.

'மெடோப்ரோலால் 50' என்று நிறுத்திவிடுவதும் இதே ரகம். சக்சினேட் ஈ.ஆர். என்றால் ஒரு நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும், டார்ட்ரேட் என்றால் சீக்கிரம் இறங்கிவிடும். பின்னால் வரும் அந்த இரண்டு சொல்லை விட்டால் கடையில் எது கையில் வருகிறதோ அதுதான்.

தலைப்பு போட்டுப் பிரிப்பதால் ஒரு கெடுதலும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே தலைப்புக்குள் இருக்கும் மோதல் பளிச்சென்று தெரியும், தலைப்பைத் தாண்டிய மோதல் முன்னைவிட நன்றாக ஒளிந்துகொள்ளும். அந்த அம்மாவுக்கு 'வலி' என்ற தலைப்பில் பாராசிட்டமால் 650 மி.கி. மூன்று வேளை, அசிக்ளோஃபெனாக்கோடு சேர்ந்த பாராசிட்டமால் 325 மி.கி. இரண்டு வேளை. 'சளி' என்ற தலைப்பில் கிளினிக் கொடுத்த கலவை, அதில் பாராசிட்டமால் 500 மி.கி. மூன்று வேளை. கூட்டினால் 1950, 650, 1500, மொத்தம் 4100 மி.கி. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பே 4000 தான், மெலிந்த உடம்புக்காரர்களுக்கு அதைவிடக் குறைவு. 'சளி மாத்திரை' என்று எழுதியிருந்தால் இந்தக் கணக்கே போட்டிருக்க முடியாது.

இன்னொன்று அதைவிடப் பெரியது. டெல்மிசார்டனும் ஃபியூரோசமைடும் ரத்த அழுத்தத் தலைப்பில், அசிக்ளோஃபெனாக் வலித் தலைப்பில். இந்த மூன்று வகையும் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது, அதிலும் வயிற்றுப்போக்கோ வெயிலோ வந்து உடம்பில் நீர் குறைந்தால் சட்டென்று சரியும். மெதோட்ரெக்ஸேட் வெளியேறுவதும் சிறுநீரகம் வழியாகத்தான், அது தேங்கினால் என்ன ஆகும் என்று மேலேயே சொன்னேன். அதனால் பிரித்து முடித்த பிறகு, தலைப்புகளைக் கையால் மறைத்துக்கொண்டு வரிகளை மட்டும் மேலிருந்து கீழே ஒருமுறை படிக்க வேண்டும். ஒரே மருந்தின் பெயர் இரண்டு இடத்தில் வருகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். மற்றதை மருத்துவரோ மருந்தாளுநரோ பார்ப்பார்கள், அவர்களுக்கு வரி முழுசாகக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலைப் பார்த்த மருத்துவர் அன்றே சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனைக்கு எழுதினார், அசிக்ளோஃபெனாக் கலவையையும் சளி மாத்திரையையும் நிறுத்தினார். தனி அம்லோடிபினை எடுத்துவிட்டு ரத்த அழுத்தத்தைக் கவனிக்கச் சொன்னார். அழுத்தம் ஏறவில்லை, வீக்கம் வற்றியது, அடுத்த வருகையில் நீர் மாத்திரையும் போனது.

இப்படி நிறுத்திய மருந்தை அழிப்பானால் அழிக்காதீர்கள். வரியின் மேல் ஒரே கோடு போட்டுப் பக்கத்தில் தேதியும் நிறுத்தியவர் யார் என்பதும் எழுதுங்கள், அடியில் உள்ள எழுத்து படிக்கும்படி இருக்கட்டும். வேறு மருத்துவர் அதையே மறுபடி எழுதப் போகும்போது அந்தக் கோடு தடுக்கும். புதிதாக வரும் மருந்துக்கு 9-ஐயோ 12-ஐயோ கொடுக்காமல் 15 என்று போட்டு, அட்டையைப் பார்த்து எழுதிச் சேருங்கள்.