முதற் செய்தி யாருக்குப் போகிறது?

திருகோணமலையில் உளவளத்துணையாளராக வேலை செய்யும் எனக்கு முன்னால் வந்து அமரும் எவரும் "உணர்வுசார் துரோகம்" என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. "அவர் போனோடதான் குடும்பம் நடத்துறார்" என்றோ, "பிழையா ஒண்டும் இல்ல மிஸ், ஆனா ஏதோ சரியில்ல" என்றோதான் சொல்வார்கள். இரண்டாவது வாக்கியத்தைக் கேட்கும்போதுதான் நான் கூடுதலாகக் காது கொடுக்கிறேன். உடல் தொடர்போ காதல் வார்த்தையோ இல்லாத ஓர் இணைய நட்பில் எது எல்லை தாண்டியது என்று சுட்டிக்காட்ட முடியாமல் தவிப்பவர்களின் வாக்கியம் அது.

ஒரு தம்பதியின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் நாற்பதைக் கடந்த அரச உத்தியோகத்தர், மனைவி ஆசிரியை, பிள்ளைகள் இருவர். உயர்தரத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் வாட்சப் குழு ஒன்றைத் தொடங்கியபோது, இப்போது டொரொண்டோவில் வசிக்கும் ஒரு தோழியும் அதில் இணைந்தார். குழுவில் தொடங்கிய பகிடி சில மாதங்களில் தனி உரையாடலாயிற்று. இங்கே இரவு 9.30 ஆகும்போது கோடை காலத்தில் அங்கே நண்பகல் 12 மணி. தோழியின் மதிய இடைவேளையும் இந்த வீட்டில் பிள்ளைகள் படுக்கும் நேரமும் அப்படியே பொருந்திப்போயின.

ஒரு நாள் மனைவி மின்சாரப் பட்டியலைக் கட்டுவதற்காகக் கணவரின் கைத்தொலைபேசியை வாங்கியிருந்தபோது திரையின் மேலே ஒரு வரி தோன்றி மறைந்தது: "வவுனியாவுக்குப் போறதா முடிவெடுத்தாச்சா?" கணவரின் இடமாற்றக் கடிதம் மூன்று நாட்களாக அவருடைய அலுவலகப் பையில் கிடந்தது. கடிதம் கிடைத்த அன்றிரவே தோழிக்குத் தெரிந்திருக்கிறது, மனைவிக்குத் தெரியவில்லை.

என் அனுபவத்தில் மிகவும் நம்பத்தக்க அடையாளம் இதுதான். எத்தனை மணிநேரம் பேசுகிறார்கள், எத்தனை இதயப் படங்கள் அனுப்புகிறார்கள் என்பதை எண்ணுவதில் பெரிய பயன் இல்லை. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ வந்தவுடன் கை முதலில் யாரைத் தேடுகிறது என்று பார்க்க வேண்டும். தம்பதியரின் துரோகங்கள் பற்றி ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஷெர்லி கிளாஸ் இதைச் சுவரும் யன்னலுமாக விளக்கினார். கணவன் மனைவிக்கு இடையில் யன்னலும் வெளியாருக்கு முன்னால் சுவரும் இருக்க வேண்டிய வீட்டில், இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. தோழிக்கு இந்த வீட்டின் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். மனைவிக்கோ அந்த நட்பின் உள்ளே நடப்பது எதுவும் தெரியாது.

சுவர் எழும்பிவிட்டதா என்பதற்குச் சிறிய சாட்சியங்கள் உண்டு. இந்தக் கணவர் அந்த ஓர் உரையாடலுக்கு மட்டும் செய்திகள் 24 மணிநேரத்தில் தானாக மறையும்படி அமைத்திருந்தார். "மறைக்கிற மாதிரி அதில ஒண்டும் இல்ல" என்று என்னிடம் சொன்னார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. "உங்கட மனைவி தோளுக்குப் பின்னால நிண்டு வாசிச்சுக்கொண்டிருந்தால் அதே வரியை அப்பிடியே எழுதுவீங்களோ?" என்று கேட்டேன். நெடுநேரம் மின்விசிறியின் சத்தம்தான் கேட்டது.

அவர் ஏன் மனைவியிடம் சொல்லவில்லை? சொன்னால் பிள்ளைகளின் பாடசாலை, மாமியாரின் மருந்து, வீட்டுக் கடன் என்று உடனே கேள்விகள் எழும். தோழியிடம் சொன்னால் "ஐயோ பாவம், நீ எப்பிடிச் சமாளிக்கிறாய்?" என்ற ஒரு வரி வரும். இணைய நண்பர் உலை வைப்பதுமில்லை, ரியூஷன் காசு கேட்பதுமில்லை. தன்னுடைய நல்ல நேரத்தில் மட்டும் வருகிறார். வீட்டுத் துணையை அவரோடு ஒப்பிடுவது அடிப்படையிலேயே நியாயமற்றது. ஆனால் ஒப்பிடுகிறோம் என்பதே ஒப்பிடுபவருக்குத் தெரிவதில்லை.

மனைவி முதலில் செய்தது பலரும் செய்வதுதான். இரவு பதினொன்றரைக்குக் கணவரை எழுப்பி, போனை முகத்துக்கு நேரே நீட்டி, "இவள் ஆர் உங்களுக்கு?" என்று கேட்டார். "நீ ஏன் என்ர போனைப் பார்த்தனி?" என்று பதில் வந்தது. அதன் பிறகு சண்டை போனைப் பற்றியதாயிற்று. இடமாற்றக் கடிதம் பையிலேயே கிடந்தது. மறுநாள் மனைவி அந்த உரையாடல் தெரிந்த திரையைப் படம் பிடித்துக் கணவரின் அக்காவுக்கு அனுப்பினார். அக்காவின் முன் நேர்ந்த வெட்கத்தில் கணவர் அந்த உரையாடலுக்குப் பூட்டுப் போட்டார். சுவர் இன்னும் ஓரடி உயர்ந்தது. தம்பதியரின் வாக்குவாதங்களை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்த ஜோன் கொட்மன், பேச்சின் முதல் சில நிமிடங்கள் எப்படி அமைகின்றனவோ, பெரும்பாலும் அப்படியே அது முடிகிறது என்று காட்டியிருக்கிறார். இந்த வீட்டில் முதல் அரை நிமிடமே போதுமாக இருந்தது.

மனைவி முதலில் தனியாகத்தான் என்னிடம் வந்தார். இரண்டு அமர்வுகளை நாங்கள் ஒரே ஒரு தொடக்கத்துக்காகச் செலவிட்டோம். அப்பியாசக் கொப்பியில் அவர் எழுதிய முதல் வாக்கியங்களில் எல்லாம் "அவள்" இருந்தாள். ஒவ்வொன்றாக வெட்டினோம். கண்ணால் கண்டது ஒன்று, மனதில் பட்டது ஒன்று, வேண்டுவது ஒன்று என்ற அளவில் கடைசியில் இது மிஞ்சியது: "கடிதம் வந்ததை மூண்டு நாளா நீங்கள் எனக்குச் சொல்லேல்ல. நான் இந்த வீட்டில வெளி ஆள் மாதிரி உணர்ந்தன். பெரிய விசயம் எதுவும் எனக்குத்தான் முதல்ல தெரியவேணும் எண்டு ஆசைப்படுறன்." இதில் குற்றச்சாட்டு இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது. ஆனால் மறுத்துப் பேச அதில் இடம் குறைவு.

சனிக்கிழமை பின்னேரம், பிள்ளைகள் ரியூஷனுக்குப் போயிருந்த நேரத்தில், இருவர் போனையும் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் பின் விறாந்தையில் பேசினார்கள். நெஞ்சு படபடக்கத் தொடங்கினால் இருபது நிமிடம் விலகியிருந்து திரும்பி வருவது என்று முதலிலேயே உடன்பட்டிருந்தார்கள். கொந்தளித்த உடல் அடங்குவதற்குக் குறைந்தது அவ்வளவு நேரம் தேவை. திரும்பி வராமல் போய்விட்டால் அது இடைவேளை அல்ல, தப்பித்தல். கணவர் சொன்ன பதில் நோகச் செய்வதுதான்: "உனக்குச் சொன்னால் சண்டை வரும் எண்டு நினைச்சன்." உடனே மறுக்காமல் "இன்னும் சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்வதற்கு மனைவியைப் பழக்கியிருந்தேன். அவர் சொன்னார். அழுதுகொண்டுதான் சொன்னார்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில், ஒரு பெண்ணுக்கு வெளியே உள்ள ஒரே தோழமை அவளுடைய பாதுகாப்பாக இருக்கலாம். அங்கே "ஒளிவு மறைவு இருக்கக்கூடாது" என்பது ஒரு கண்காணிப்புக் கருவியாகிவிடும். அத்தகையவர்களுக்கு இந்த விறாந்தைப் பேச்சு பொருந்தாது. பெண்களுக்கான 1938 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்துக்குத்தான் அவர்கள் முதலில் பேச வேண்டும்.

இந்தத் தம்பதி நட்பை முறிக்கும்படி முடிவெடுக்கவில்லை. மறையும் செய்தி அமைப்பை நிறுத்துவது, இரவு 9.30க்குப் பின் தனி உரையாடலைத் தவிர்ப்பது, வீட்டுச் சிக்கலை வீட்டுக்கு வெளியே கொண்டுபோகாதிருப்பது என்று இருவருமாகத் தீர்மானித்தார்கள். கணவரே அதைத் தோழிக்கு எழுதி, அனுப்பும் முன் மனைவிக்குக் காட்டினார். தோழி பெருவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு மௌனமானார். அடுத்த இரு வாரங்கள் கணவர் சோர்ந்து திரிந்தார். மனைவிக்கு மிகவும் கடினமாக இருந்தது இந்தக் கட்டம்தான். தன் கண் முன்னே கணவர் இன்னொருத்திக்காகக் கவலைப்படுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கவலை உண்மையான இழப்பின் கவலை என்பதையும், அதைக் கேலி செய்தால் அது மீண்டும் போனுக்குள் போய் ஒளிந்துகொள்ளும் என்பதையும் அவருக்கு விளக்க எனக்கு ஓர் அமர்வு முழுவதும் தேவைப்பட்டது.

இடமாற்றத்துக்கு எதிரான மேன்முறையீட்டின் முடிவு ஒன்றரை மாதம் கழித்து வந்தது. கடிதத்தைப் பிரித்ததும் கணவர் மனைவிக்கு அழைத்திருக்கிறார். அவர் வகுப்பில் இருந்ததால் எடுக்கவில்லை. இடைவேளை மணி அடிக்கும் வரை நாற்பது நிமிடம், யாருக்கும் சொல்லாமல், கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்றதாகக் கணவர் சொன்னார். என்ன முடிவு வந்தது என்று நான் கேட்க மறந்துவிட்டேன்.