குன்னூர் கடையின் பில்: எண்ணும் வரியும் தானாக விழுவது எப்படி

குன்னூரில் டீத்தூள், சாக்லேட், நீலகிரித் தைலம் விற்கும் ஒரு கடைக்கு எக்செலில் பில் டெம்ப்ளேட் தயார் செய்வதாக வைத்துக்கொள்வோம். பெருக்குவதும் கூட்டுவதும் சுலபம். ஆனால் ஃபார்முலா பயன்படுத்தும் செல் எதுவாவது மாறினால் அதன் விடையும் மாறிவிடும், கொடுத்த பில்லில் ஒரு பைசாகூட மாறக்கூடாது. சிக்கல் முழுக்க இங்கேதான்.

முதலில் பில் எண். ஜிஎஸ்டி விதி 46-ன்படி அது வரிசையாக, 16 எழுத்துகளுக்கு மிகாமல், அந்த நிதியாண்டில் ஒரே ஒரு முறைதான் வரவேண்டும். பலர் பதிவேட்டில் எத்தனை பில் இருக்கிறது என்று எண்ணி ஒன்றைக் கூட்டிக்கொள்கிறார்கள். நடுவில் யாராவது ஒரு பில்லை அழித்துவிட்டால் போச்சு, ஏற்கெனவே கொடுத்த எண்ணே அடுத்தவருக்கும் போகும். அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, இருப்பதில் பெரிய எண்ணைப் பிடிக்கவேண்டும்:

```
="CNR/25-26/"&TEXT(MAXIFS(Register!B:B,Register!A:A,"25-26")+1,"0000")
```

பில்லை பிடிஎஃப் ஆகச் சேமித்துவிட்டு, அப்புறம் பதிவேட்டின் A-இல் 25-26 என்ற நிதியாண்டையும், B-இல் பில் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை வெறும் எண்ணாகவும் எழுதி, தொகையை மதிப்பாக மட்டும் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒட்டியதும் டெம்ப்ளேட் அடுத்த எண்ணுக்குப் போய்விடும். ரத்தான பில்லை அழிக்காமல் பக்கத்தில் ‘ரத்து’ என்று எழுதினால் போதும்.

அடுத்தது வரி விகிதம். சாக்லேட்டுக்கு 18% இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5% ஆனது. விகிதப் பட்டியலில் 18%-ஐ அழித்து 5% போட்டால், ஃபார்முலாவோடு இருக்கும் ஆகஸ்ட் பில்லைத் திறக்கும்போது அதிலும் வரி குறைந்து நிற்கும். எனவே பழைய விகிதத்தைத் தொடாமல் கீழே புதிய தேதியோடு இன்னொன்று சேர்த்து, பில் தேதிக்குப் பொருந்துவதை எடுக்கச் சொல்லவேண்டும்:

```
=XLOOKUP(1,(Rate!A2:A50=B5)*(Rate!B2:B50<=$F$2),Rate!C2:C50,,0,-1)
```

B5-இல் பொருளின் வகை, F2-இல் பில் தேதி. Rate பட்டியலில் A-இல் வகை, B-இல் விகிதம் தொடங்கும் தேதி, C-இல் விகிதம். கடைசியில் உள்ள -1 கீழிருந்து மேலாகத் தேடும், அதனால் பட்டியல் தேதி வரிசையில் இருக்கவேண்டும். வகையின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் #N/A வரும், வரட்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று IFERROR போட்டு அதைப் பூஜ்யமாக்கினால் வரியே இல்லாத பில் வெளியே போய்விடும், யாருக்கும் தெரியாது.

கடைசியாகக் கூட்டல். 333 ரூபாய் டீத்தூளுக்கு 5% வரி 16.65. CGST, SGST என்று பாதியாகப் பிரித்தால் தலா 8.325, திரையில் இரண்டும் 8.33 என்று தெரியும், கூட்டினால் 16.65 என்றே வரும். வாடிக்கையாளர் கையால் கூட்டிப் பார்த்தால் 16.66. செல்லின் வடிவத்தை மாற்றினால் பார்வைதான் மாறும், உள்ளே 8.325 அப்படியே இருக்கும்.

```
=ROUND(E5*F5/2,2)
```

E5 தொகை, F5 விகிதம். இரண்டு பாதியையும் இப்படி முழுமையாக்கிய பிறகு கூட்டினால் டீத்தூள் 349.66. கூடவே 210 ரூபாய்த் தைலம் 18% வரியோடு 247.80. மொத்தம் 597.46, ரவுண்ட் ஆஃப் −0.46 என்று தனியாகக் காட்டிவிட்டு, வாங்கவேண்டியது 597.