'நாட்பட்ட சுளுக்கு' அல்ல, புரள்கணு

கணுக்கால் அடிக்கடி மடங்குகிறது என்று மருத்துவரிடம் போனவர்களுக்குக் கொடுக்கும் ஒரு துண்டறிக்கை என் கைக்கும் வந்தது. தலைப்பு 'நாட்பட்ட கணுக்கால் சுளுக்கு'. இரண்டாம் பத்தியில் அதே நோய் 'கணுக்கால் நிலையின்மை' ஆகிவிட்டது, கடைசிப் பக்கத்தில் 'கணுக்கால் பலவீனம்'. ஒரே தாளில் ஒரே நோய்க்கு மூன்று பெயர், மூன்றும் தவறு. இதே பெயர்களை மருத்துவக் கட்டுரைகளிலும் உடற்பயிற்சிக் காணொளிகளின் எழுத்துகளிலும் பல முறை பார்த்துவிட்டேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை. இந்தப் பெயர்களை நம்பி இரண்டு வருடத்தை வீணாக்கியவன் நான்.

முதலில் வேர்கள். ஆங்கிலத்தில் இதை 'க்ரானிக் ஆங்கிள் இன்ஸ்டெபிலிட்டி' என்கிறார்கள். முதல் சொல் காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மூன்றாவது, நிற்றல் என்னும் பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து. நடுவிலுள்ளது நம் கணுக்கால்: கரும்பிலும் மூங்கிலிலும் இருக்கும் கணுவைப் போல இருபுறமும் எலும்பு புடைத்திருப்பதால் அந்தப் பெயர். (சிலர் இதைக் கணைக்கால் என்று எழுதுகிறார்கள். கணைக்கால் முழங்காலுக்குக் கீழே நீண்டிருக்கும் பகுதி. தயவுசெய்து கலக்க வேண்டாம்.)

இனி 'நாட்பட்ட சுளுக்கு'. சுளுக்கு என்பது நடந்து முடிந்த ஒரு காயம். பாதம் உட்புறமாகத் திரும்பி, உடலின் எடை அதன் வெளிவிளிம்பில் விழும்போது, வெளிக்கணுவின் முன்பக்கத்தில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார் இழுபட்டு நைகிறது அல்லது கிழிகிறது. வீக்கமும் நீலம் பாய்வதும் வலியும் வரும், சில வாரங்களில் அடங்கும். அத்தோடு சுளுக்கு முடிந்தது. நான் பேசும் தொல்லை அதற்குப் பிறகு தொடங்குவது. வீக்கம் இல்லை, பெரும்பாலான நாட்களில் வலியும் இல்லை. ஆனால் படியின் விளிம்பிலோ சரளைக் கல்லிலோ, சில சமயம் ஒன்றுமே இல்லாத சமதரையிலோகூடக் கால் 'பொசுக்'கென்று உள்ளே மடங்குகிறது. ஆய்வுகளுக்கு ஆட்களைச் சேர்க்கும்போது வைக்கும் அளவுகோலைப் பார்த்தாலே வேறுபாடு புரியும்: முதல் சுளுக்கு ஏற்பட்டு குறைந்தது 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், கடந்த 6 மாதத்தில் குறைந்தது இரண்டு முறையாவது கால் மடங்கியிருக்க வேண்டும். அதாவது, காயம் பழங்கதையாகிவிட்டது என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் இந்தப் பெயரையே சூட்டுகிறார்கள். அதற்குப் போய் 'நாட்பட்ட சுளுக்கு' என்றால், ஆறாத காயம் ஒன்று உள்ளே கிடக்கிறது என்றுதானே வாசிப்பவர் நினைப்பார்?

நான் அப்படித்தான் நினைத்தேன். கூடைப்பந்தில் குதித்து இறங்கும்போது இன்னொருவர் பாதத்தின் மேல் இறங்கி, வலது கணுக்கால் சுளுக்கியது 11 வருடத்துக்கு முன். இரண்டு வாரத்தில் நடந்தேன், ஒரு மாதத்தில் மறந்தேன். பிறகு வருடத்துக்கு நாலைந்து முறை மடங்கத் தொடங்கியது. சுளுக்கு என்று சொன்னதால் சுளுக்குக்குச் செய்வதையே செய்தேன்: நீவிவிடுவது, களிம்பு, மீள்பட்டை, ஒரு வாரம் ஓய்வு. ஓய்வெடுத்த ஒவ்வொரு முறையும் கால் இன்னும் மந்தமானது. பெயர் தவறாக இருந்ததால் சிகிச்சையும் தவறான இடத்துக்குப் போனது.

'நிலையின்மை' என்பவர்கள் வேரைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைத்தவர்கள். லத்தீனில் நிற்றல், தமிழிலும் நில், ஆகவே நிலையின்மை. அகராதியில் இது பொருந்தலாம், காதில் பொருந்தவில்லை. தமிழில் நிலையற்றது என்றால் நிலைத்திராதது, அழியக்கூடியது. செல்வம் நிலையற்றது, யாக்கை நிலையற்றது என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவரிடம் 'உங்கள் கணுக்கால் நிலையற்றது' என்று சொன்னால் அவருக்கு என்ன கேட்கும்? கொஞ்சம் யோசிப்பவர்கூட 'நிற்க முடியாத கால்' என்றுதான் பொருள்கொள்வார். ஆனால் இந்தக் கால் இரண்டு பாதத்திலும் ஊன்றி மணிக்கணக்கில் நிற்கும். அசையும்போது, அதிலும் பாதம் தரையைத் தொடப்போகும் நொடியில்தான், சிக்கல்.

'பலவீனம்' இவற்றைவிட மோசம், ஏனென்றால் அது உடனே ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிடுகிறது: பலப்படுத்து. நானும் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கினேன். கெண்டைக்கால் தடித்தது, மடங்குவது நிற்கவில்லை. 'உறுதியின்மை' என்பாரும் உண்டு. கேட்பவரை அதுவும் இதே வழியில்தான் அனுப்புகிறது.

உள்ளே நடப்பது வேறு. இரண்டு கோளாறுகள், தனித்தும் வரும், சேர்ந்தும் வரும். ஒன்று, இழுபட்டு ஆறிய தசைநார் பழைய நீளத்துக்குத் திரும்பாமல் தொய்ந்திருப்பது. மற்றது கட்டுப்பாட்டுக் கோளாறு: பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற செய்தி நரம்பு வழியே சரியாக வந்து சேர்வதில்லை, காலின் வெளிப்புறத் தசைகள் உரிய நேரத்தில் இறுகுவதில்லை. ஃப்ரீமன் என்ற ஆங்கிலேய எலும்பு மருத்துவர் 1965-இலேயே இந்த இரண்டாவதைத் தனியே பிரித்து எழுதினார். தசைநார் கிழியும்போது அதிலுள்ள நரம்பு முனைகளும் சேதமாகின்றன என்பது அவர் கருத்து. இன்று படம் அதைவிட விரிந்துவிட்டது, மூளை காலை இயக்கும் விதமே மாறுகிறது என்கிறார்கள். கால் ஒருமுறை மடங்கத் தொடங்கிவிட்டால் அனிச்சைச் செயல் வந்து தடுக்க நேரம் போதாது. ஆகவே பாதம் தரையைத் தொடும் முன்பே சரியான கோணத்தில் இருக்க வேண்டும். புரள்கின்ற காலில் அது ஏற்கெனவே சற்று உட்புறம் சாய்ந்தே இறங்குகிறது.

ஆம், புரள்கின்ற கால். சொல் அங்கேதான் இருக்கிறது. 'கால் பிரண்டுருச்சு' என்று சொல்லாத வீடு உண்டா? இதைப் 'பிறழ்' என்ற சொல்லின் சிதைவு என்று எண்ணி 'கணுக்கால் பிறழ்வு' என்று எழுதுகிறார் ஒரு நண்பர். பிறழ் என்பதன் இறந்தகாலம் பிறழ்ந்தது, புரள் என்பதன் இறந்தகாலம் புரண்டது. பேச்சில் கேட்கும் 'பிரண்டது' புரண்டதன் திரிபுதான். பொருளும் அதற்கே பொருந்துகிறது: படுக்கையில் புரள்வதைப் போலப் பாதம் தன் பக்கவாட்டில் புரள்கிறது. பிறழ்வு என்றால் நெறி தவறியது, மனப்பிறழ்வு என்பதைப் போல. அந்தக் கறை இந்தக் காலுக்கு வேண்டாம்.

ஆகவே நான் முன்வைப்பது 'புரள்கணு'. சுடுநீர், ஊறுகாய் போல இது வினைத்தொகை. புரண்ட கணு, புரள்கின்ற கணு, புரளும் கணு என்று மூன்று காலத்தையும் உள்ளே மறைத்து வைத்திருக்கிறது. முன்பு ஒருமுறை புரண்டு, இப்போதும் புரண்டு, இனியும் புரளக்கூடியதுதானே இந்த நோய்? 'நாட்பட்ட' என்ற அடையே தேவைப்படவில்லை. தசைநார் தொய்ந்திருந்தால் 'தளர்நார்ப் புரள்கணு' என்றும், கட்டுப்பாடு மட்டும் கெட்டிருந்தால் 'உணர்வுகுறைப் புரள்கணு' என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

பெயர் சரியானால் வேலை எப்படி மாறுகிறது என்பதற்கு என் காலே சாட்சி. மூன்றாம் வருடம் ஒரு இயன்முறை மருத்துவர் கணைக்காலை ஒரு கையால் பிடித்து, மற்றொரு கையால் குதிகாலை முன்னே இழுத்துப் பார்த்தார். இடதைவிடக் கொஞ்சம் அதிகம் நகர்ந்தது. 9 கேள்விகள், 30 மதிப்பெண் கொண்ட ஒரு தாளை நிரப்பச் சொன்னார். 24 அல்லது அதற்குக் கீழ் என்றால் இந்தக் கோளாறு என்று கொள்வது வழக்கம், எனக்கு 15. பிறகு கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். இடதில் 20 நொடி நின்றேன். வலதில் 4 நொடியில் மற்றக் காலை ஊன்றிவிட்டேன். இரண்டு காலின் தசை வலிமையும் ஒன்றுதான். பலவீனம் என்ற சொல் அங்கேயே உதிர்ந்தது.

பயிற்சி 6 வாரம், நாளுக்கு 10 நிமிடம். சுவரோரம் நின்று, கண் திறந்து, ஒற்றைக்காலில் 30 நொடி, மூன்று முறை. அந்த 30 நொடியில் மற்றக் காலை ஒருமுறைக்கு மேல் ஊன்றாத நிலை வந்த பிறகே அடுத்த படி: கண்ணை மூடுவது. அதன்பின் மெத்தென்ற தலையணை மேல். அதன்பின் நின்ற காலை அசைக்காமல் மற்றப் பாதத்தை முன்னும், பின்னால் இருபுறமும் எட்டும்வரை நீட்டித் தொட்டு மீள்வது. கடைசியாக ஒற்றைக்காலில் சிறு தாவல், இறங்கி மூன்று நொடி அசையாமல் நிற்பது. அவசரப்பட்டு இரண்டாம் வாரமே தாவினேன், மறுபடி புரண்டது. படியைத் தாண்டினால் கால் கற்றுக்கொள்வதில்லை.

கூடவே பிரேஸ், அதாவது கணுவைச் சுற்றி அணிந்து அதைத் தாங்கும் காப்பு. இதற்கும் 'கட்டு' என்று எழுதி மீள்பட்டையோடு குழப்புகிறார்கள். துணிபோல் நீளும் உறை கணுவை நினைவூட்டும், தடுக்காது. கயிறு கோத்து இறுக்குவதோ, இருபுறமும் விறைப்பான தகடு வைத்ததோதான் உட்புறப் புரளலைத் தடுக்கும். ஒட்டும் பட்டையால் சுற்றுவதும் பயன் தரும், ஆனால் ஓடியாடத் தொடங்கியதும் சிறிது நேரத்திலேயே அது தளர்ந்துவிடும். ஏற்கெனவே சுளுக்கியவர்களிடம் பிரேஸ் மறுசுளுக்கைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. விளையாடும்போதும் கரடுமுரடான தரையிலும் ஒரு வருடம் அணிந்தேன், வீட்டுக்குள் அணியவில்லை. பிரேஸ் காலைச் சோம்பேறியாக்கும் என்ற பேச்சும் அந்தப் 'பலவீனம்' என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

புரள்கணு என்ற பெயரை எல்லாவற்றுக்கும் போர்த்தவும் கூடாது. இரண்டு புரளல்களுக்கு இடையில் ஆழமான வலி தொடர்ந்தாலோ, மூட்டு பூட்டிக்கொண்டாலோ, உள்ளே குருத்தெலும்பு சேதமாகியிருக்கலாம். படம் எடுத்துப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தளர்நார்ப் புரள்கணு அடங்காதவர்களுக்கு அந்த நாரை இறுக்கித் தைக்கும் அறுவை உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த ப்ரோஸ்ட்ரோம் 1966-இல் விவரித்த முறைதான், சில திருத்தங்களோடு, இன்றும் அடிப்படை.

மொழிபெயர்ப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நோயாளியின் வாயிலிருந்து வரும் வினையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், அகராதியை அப்புறம் திறக்கலாம். அந்தத் துண்டறிக்கையின் முதல் வரியை நான் இப்படித் திருத்தி அனுப்பியிருக்கிறேன்: "உங்கள் பழைய சுளுக்கு ஆறிவிட்டது. இப்போது இருப்பது புரள்கணு. பாதம் எப்படி இறங்க வேண்டும் என்பதைக் கால் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு 6 வாரமாவது ஆகும்."