பற்றையை வெட்டிவிட்டு மரம் நடாதீர்கள்

நட்ட கன்றுகள் செத்த இடமென்று இந்த வருடம் நான் பார்ப்பது இது மூன்றாவது. ஊவாவில், வெலிமடைக்கு மேலே ஒரு பத்தனைப் புல்வெளிச் சரிவு. போன ஒக்டோபர் மழைக்கு ஒரு நிறுவனம் பதாகை கட்டி, நெல்லியும் கடுக்காயும் நட்டது. அதற்கு முந்திய நாளே ஆட்களை இறக்கிச் சரிவை மொட்டையடித்திருந்தார்கள். செப்டம்பரில் எனக்கு அழைப்பு வந்தது: "கன்றெல்லாம் செத்துப்போச்சு, நாற்று சரியில்லை போல."

நாற்றில் குறையில்லை. கீழ்மூலையில் கல் இடுக்கென்று கத்தி போகாமல் விட்ட சில பற்றைகள் நின்றன. பிழைத்த கன்றுகள் அநேகமாக அந்தப் பற்றைகளின் ஓரத்தில்தான் இருந்தன. வேலையைப் பார்த்த கங்காணி ஐயா பழைய தோட்டத்து ஆள். "பத்தை இருந்தா சத்தெல்லாம் அது இழுத்துக்கும் சேர். அதான் முழுசா வெட்டினோம்" என்றார்.

தேயிலை மலையில் அவர் சொல்வது சரி. அங்கே மழையும் உரமும் உண்டு, களை போட்டிதான். அந்தப் பாடத்தை அப்படியே ஊவாவின் காய்ந்த சரிவுக்குக் கொண்டுவருவதுதான் பிழை. பக்கத்துச் செடி எப்போதும் எதிரி என்ற நினைப்பு நம் மலையில் ஊறிப்போயிருக்கிறது. ஒரு செடி பக்கத்துச் செடிக்கு ஒரே நேரத்தில் இரண்டையும் செய்கிறது: தண்ணீரையும் வெளிச்சத்தையும் பறிக்கிறது, வெயிலையும் காற்றையும் பனியையும் மறைக்கிறது. எது மிஞ்சும் என்பதை இடம்தான் தீர்மானிக்கிறது. இடம் கடுமையாகக் கடுமையாக உதவியின் பக்கம் தராசு சாயும் என்று 1994இல் பெர்ட்னஸ், காலவே என்ற இரு சூழலியலாளர்கள் முன்வைத்தார்கள். அழுத்தச் சரிவுக் கருதுகோள் என்பது இதுதான். 2002இல் காலவேயும் கூட்டாளிகளும் உலகின் 11 மலைப்பகுதிகளில் 115 இனங்களை வைத்து, பக்கத்துச் செடிகளை அகற்றிப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். மலையின் தாழ்ந்த பகுதிகளில் பொதுவாகப் போட்டியே ஓங்கியிருந்தது. உச்சியின் குளிரிலும் காற்றிலும் துணையிருந்த செடிக்கே நன்மை. அங்கே துணையை அகற்றியது கேடாக முடிந்தது.

பலரும் ஏமாறுவது எங்கே தெரியுமா? டிசம்பரில் வந்து பார்ப்பார்கள். வெட்டவெளிக் கன்று உயரமாக, பளபளப்பாக நிற்கும். பற்றையோரக் கன்று நோஞ்சானாக இருக்கும். "பார்த்தீங்களா, பத்தை அமுக்குது!" என்று இருந்த ஒன்றிரண்டையும் வெட்டுவார்கள். மழைக்காலத்தில் வளர்ச்சியைப் பார்த்தால் போட்டிதான் கண்ணில் படும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காய்ந்த கச்சான் காற்று அடித்து முடிந்த பிறகு எது உயிரோடிருக்கிறது என்று எண்ணுங்கள், கதை மாறும். தயவுசெய்து டிசம்பர் படத்தை வைத்து அறிக்கை எழுதாதீர்கள்.

அதற்காக எதையும் வெட்டாதே என்று சொல்லவில்லை. மானாப்புல் பற்றையல்ல. அதன் அடர்ந்த வேர் மேல்மண்ணின் ஈரத்தை, அதாவது கன்றின் வேர் தேடும் அதே ஈரத்தை, உறிஞ்சும். கன்றைச் சுற்றி இரண்டு சாண் அகலத்துக்குப் புல்லை எடுத்துவிடுங்கள். எந்தப் பற்றையும் உதவும் என்றும் இல்லை. ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில் பற்றைகளின் கீழ் 18,000க்கு மேற்பட்ட மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். தாழ்ந்த, வெயில் படும் சரிவுகளிலும் வறண்ட வருடங்களிலும் உதவி அதிகம். ஆனால் சிஸ்டஸ் என்ற பற்றையினம் கன்றுக்குக் கெடுதலே செய்தது. அந்த மலையில் கன்றைக் கொல்வது குளிரை விட வறட்சிதான் என்பதால் உயரம் குறைந்த இடமே அங்கு கடுமையான இடம். ஆகவே முதலில் உங்கள் சரிவில் கன்றைக் கொல்வது எது என்று பாருங்கள்.

நம் நாட்டிலேயே மறுபக்கமும் உண்டு. சிங்கராஜ ஓரத்தில் பைனஸ் மரங்களைத் துணையாக வைத்துக் காட்டுமரக் கன்றுகளை நட்ட ஆய்வு 1997இல் வந்தது. மூன்று வரிசைப் பைனஸை அகற்றிய இடத்தில்தான் கன்றுகள் சிறப்பாக வளர்ந்தன. அது மழைக்காடு. அங்கே தட்டுப்பாடு வெளிச்சத்துக்கு.

ஊவாவில் நடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். பற்றையின் கிழக்குப் பக்கம், கிளை நுனிக்கு ஒரு சாண் உள்ளே குழி எடுங்கள். பிற்பகல் வெயிலும் கச்சானும் மேற்கிலிருந்து வருவதால் பற்றை இரண்டையும் தாங்கும். மத்தியானம் இரண்டு மணிக்குப் பற்றையடியிலும் வெளியிலும் மண்ணில் கை வைத்துப் பாருங்கள், அதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை. துணைக்கென்று நாயுண்ணியை மட்டும் புதிதாகக் கொண்டுவந்து வைக்காதீர்கள். அது பரவினால் பிறகு பிடிக்க முடியாது. கன்று பற்றையைத் தாண்டி நின்றபின், மழைக்காலம் பார்த்து, ஒரு பக்கக் கிளைகளைக் கழியுங்கள்.

சந்தேகமிருந்தால் இந்த ஒக்டோபரில் சோடி சோடியாக நடுங்கள், ஒன்று பற்றையோரம், ஒன்று பற்றை வெட்டிய இடம். அடுத்த செப்டம்பரில் கங்காணி ஐயாவையே எண்ணச் சொல்லுங்கள்.