நல்லெண்ணெய் எங்கிருந்து வந்தது?

ஆயாவின் வடகக் குறிப்பில் நல்லெண்ணெய் கிடையாது. ஆனால் அந்த அட்டையைப் படம் பிடித்து, ஒரு சாட் செயலியில் போட்டு, 'இதை அப்படியே தட்டச்சு செய்து கொடு' என்று கேட்டபோது வந்த பதினைந்து வரிகளில் ஒன்பதாவது வரி 'நல்லெண்ணெய் 200 மில்லி' என்றது. எழுத்துப் பிழை இல்லை, தடுமாற்றம் இல்லை. அட்டையைப் பார்க்காதவர்கள் அப்படியே கடைக்குப் போய் வாங்கி வந்துவிடுவார்கள்.

வடகம் என்று நான் சொல்வது வெயிலில் காயவைக்கும் கூழ்வடாம் அல்ல. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்து, சித்திரை வெயிலில் காயவைக்கும் தாளிப்பு வடகம். புதுச்சேரி வீடுகளில் மீன் குழம்புக்கு இதைத்தான் தாளிப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய் 'வதுவான்' ஆக்கிக்கொண்டார்கள். ஆயாவின் அட்டையில் ஐந்து கிலோ வெங்காயத்துக்குக் கணக்கு இருக்கிறது. ஒன்பதாவது வரியில் மட்டும் எண்ணெய்க் கறை. சொல்லின் முன்பாதி பழுப்பில் கரைந்து, 'ண்ணெய்' என்ற வால் மட்டும் தெளிவாக நிற்கிறது.

முன்பு ஸ்கேனரோடு வந்த எழுத்துணரி மென்பொருளாக இருந்தால் இந்த இடத்தில் ஏதாவது குப்பையைக் கொட்டியிருக்கும். அது ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து, 'இது எந்த எழுத்தைப் போல இருக்கிறது' என்று பொருத்திப் பார்க்கும். பொருந்தாத இடத்தில் கோடும் புள்ளியுமாக உளறும். அந்த உளறலில் ஒரு நன்மை இருந்தது: தப்பு நடந்த இடம் கண்ணில் பட்டுவிடும்.

சாட் செயலி படிக்கும் விதம் வேறு. படத்தை அது சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களாக வெட்டுகிறது. இந்த வகை மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டத்தின் பக்கம் 14 அல்லது 16 பிக்சல். ஒவ்வொரு கட்டமும் ஓர் எண் வரிசையாக மாறும். அதன்பின் செயலி விடையை ஒவ்வொரு சொற்துண்டாக எழுதிக்கொண்டு போகிறது. அடுத்த துண்டு எது என்பதை இரண்டு விஷயங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒன்று, படத்தின் கட்டங்கள் சொல்வது. இன்னொன்று, அதுவரை எழுதிய வரிகளுக்குப் பின்னால் வழக்கமாக என்ன வரும் என்ற பழக்கம். அது பயிற்சியில் விழுங்கிய ஏராளமான எழுத்துகளிலிருந்து வந்த பழக்கம். அதில் சமையல் குறிப்புகளும் உண்டு. மை தெளிவாக இருக்கும் இடத்தில் மை ஜெயிக்கும். மங்கிய இடத்தில் பழக்கம் ஜெயிக்கும். வெளியே வரும் எழுத்தில் இந்த இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

இந்தப் பழக்கம் உதவாத பொருள் என்று சொல்லிவிட முடியாது. ஆயா பழைய எழுத்துக்காரர். 1978-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பே எழுதப் படித்தவர். கடைசிவரை லை, ளை, னை, ணை நான்கையும் யானைத் தும்பிக்கை போட்டுத்தான் எழுதினார். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. 'பூணடு' என்றுதான் அட்டையில் இருக்கிறது. செயலி 'பூண்டு' என்று சரியாகப் போட்டது. கறிவேப்பிலையின் தும்பிக்கையைப் பார்த்தும் அது திகைக்கவில்லை. 'கறிவேப்பி' வரை வந்த பிறகு வேறு என்ன வர முடியும்?

கறிவேப்பிலையைக் காப்பாற்றிய அதே கைதான் எண்ணெயைக் கெடுத்தது. மசாலாப் பொருள்களாக எட்டு வரி போன பிறகு, தெளிவில்லாத ஒரு சொல் 'ண்ணெய்' என்று முடிகிறது. தமிழ்ச் சமையல் குறிப்புகளில் அந்த இடத்தில் நல்லெண்ணெய் எத்தனை முறை வந்திருக்கும்! அட்டையில் இருப்பது அரிதான எண்ணெய் என்றால் பழக்கம் அதற்கு எதிராகத்தான் ஓட்டுப் போடும். அதாவது, ஒரு குடும்பத்தின் குறிப்பில் எது தனித்தன்மையோ அதுவே திருத்தப்பட்டுப் போகும் ஆபத்து அதிகம்.

எண்கள் இன்னும் மோசம். 'உளுந்து 1½ ஆழாக்கு' என்பது எனக்கு '1 ஆழாக்கு' என்று வந்தது. இங்கே பழக்கம் உதவவும் இல்லை, பெரிதாகக் கெடுக்கவும் இல்லை. ஒன்றும் பொருந்தும், ஒன்றரையும் பொருந்தும். கெடுத்தது படத்தின் அளவு. என் போன் படத்தின் உயரம் 4,000 பிக்சல். பல செயலிகள் பெரிய படத்தை உள்ளே எடுக்கும்போதே சுருக்கிவிடும். நீளப் பக்கம் 1,500 பிக்சலாகச் சுருங்கியது என்று வைத்துக்கொள்வோம். மேசை விரிப்பு, காபி டம்ளர் எல்லாம் விழும்படி நான் எடுத்த படத்தில் அட்டை பாதி உயரம்தான். அப்படியானால் அட்டைக்கு 750 பிக்சல், பதினைந்து வரிக்குப் பங்கிட்டால் வரிக்கு 50. அந்த ஐம்பதில், ஒன்றுக்குப் பக்கத்தில் பொடியாக எழுதிய அரைக்கு என்ன மிஞ்சும்? ஒரே கட்டத்துக்குள் அடங்கும் ஒரு கறுப்புப் பொட்டு.

ஆகவே இரண்டாம் முறை அட்டையை ஜன்னலோரம், நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, நேர் மேலிருந்து மூன்று படமாக எடுத்தேன். படத்துக்கு ஐந்து வரி, அட்டையின் அகலம் முழுவதும் சட்டத்தை நிறைக்கும்படி. பத்து சென்டிமீட்டர் அகல அட்டை அது. வரிக்கு ஒரு சென்டிமீட்டர். அதே 1,500-க்குச் சுருங்கினாலும் வரிக்கு 150 பிக்சல் கிடைக்கும், முன்பைப் போல மூன்று மடங்கு. ஃபிளாஷ் வேண்டாம். எண்ணெய் ஏறிய தாள் பளபளத்து, இருக்கிற மையையும் வெள்ளையாக்கிவிடும்.

கேட்கும் வாசகத்தையும் மாற்றினேன்:

```
வரி வரியாக, உள்ளது உள்ளபடி எழுது.
எழுத்துப் பிழையைத் திருத்தாதே.
தெளிவாகத் தெரியாத இடத்தில் ஊகிக்காமல் [?] போடு.
```

இது ஊகத்தை அடியோடு நிறுத்திவிடாது. [?] போடுவதையும் வழக்கமான ஒரு விடையாக்கி வைக்கிறது, அவ்வளவுதான். இந்த முறை உளுந்து 1½ ஆனது. ஒன்பதாவது வரி '[?]ண்ணெய் 200 மில்லி' என்று வந்தது. எனக்கு அந்த [?] நல்லெண்ணெயைவிடப் பெரிய வெற்றி.

'உறுதியாகத் தெரியுமா?' என்று செயலியிடமே திருப்பிக் கேட்பதால் பெரிய பயன் இல்லை. சரியாக எழுதியதைக்கூட மன்னிப்புக் கேட்டு மாற்றிவிடும். அதற்குப் பதில் புதிய உரையாடலில் அதே படத்தை இன்னொரு முறை கொடுக்கலாம். இரண்டு பிரதியும் மாறுபடும் இடம் சந்தேகத்துக்குரியது. ஒத்துப்போனால் சரி என்று அர்த்தமில்லை. ஒரே பழக்கம் இரண்டு முறையும் ஒரே பக்கம் இழுத்திருக்கலாம். என் முதல் படத்துக்கு நல்லெண்ணெய் இரண்டு முறை வந்தது.

சரிபார்க்கும்போது நம் கண்ணும் அதே ஏமாற்று வேலையைச் செய்கிறது. தட்டச்சுப் பிரதியை முதலில் படித்துவிட்டு அட்டையைப் பார்த்தால், கறைக்குள் 'நல்லெ' தெரிவது போலவே இருக்கும்; எனக்குத் தெரிந்தது. பிரதியை மூடி வைத்துவிட்டு, அட்டையில் மை கெட்ட இடங்களையும் எண்கள் எல்லாவற்றையும் முதலில் சத்தமாகப் படித்து, பிறகு பிரதியைத் திறக்க வேண்டும்.

அந்த ஒரு சொல்லுக்குப் படத்தில் விடை இல்லை. கடலூர் முதுநகரில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நல்லெண்ணெயா? யாருடா சொன்னது? விளக்கெண்ணெய். அதை ஊத்திப் பிசைஞ்சாத்தான் வருஷம் பூரா பூச்சி வராம இருக்கும்னு உங்க ஆயா சொல்லும்."

போனை வைத்துவிட்டு அட்டையை மறுபடி எடுத்தேன். கறையின் இடது ஓரத்தில் ஒரு சுழி, 'வி'யின் கொக்கி. அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.